மாதக் கடைசியில் தங்கை கல்யாணம், லீவு கிடைக்கவில்லை. என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 31. ஒரு நிறுவனத்தின் சம்பளக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டீம் லீடையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேர்தான். அடுத்த மாதம் 27-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, என் தங்கைக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் எல்லா வேலையும் என் தலையில். 23 திங்கள் முதல் 30 திங்கள் வரை ஆறு வேலை நாட்கள் லீவு கேட்டேன். “மாதக் கடைசி, ஏற்கெனவே ஒருத்தர் லீவில் இருக்கிறார்” என்று லீட் மறுத்துவிட்டார். அந்த ஒருத்தர் தன் அத்தை மகன் கல்யாணத்துக்காக 25, 26, 27 மூன்று நாளும் வாங்கியிருக்கிறார். நான் இரண்டு மாதம் முன்பே லீடிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தேன், “பார்த்துக்கலாம்” என்றார். சொந்தத் தங்கை பெரிதா, அத்தை மகன் பெரிதா? 14 நாள் லீவு மிச்சம் இருக்கிறது, அது என் உரிமை இல்லையா? சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்றேன், அதற்கும் மசியவில்லை. நான் கணக்குப் போடுவேன், லீவு வாங்கிய அந்த ஊழியர் சரிபார்ப்பார். 27-ஆம் தேதி வங்கிக்கு ஃபைல் ஏற்றுவோம், 30-ஆம் தேதி சம்பளம். வங்கி லாகின் லீட், அவர், நான் மூன்று பேரிடம் மட்டுமே உண்டு. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வா என்கிறார்கள் வீட்டில். இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையையே விட்டுவிடலாமா என்றும் இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரி,

கடிதத்தின் கடைசிப் பகுதியில், போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: வங்கி லாகின் மூன்று பேரிடம் மட்டுமே உண்டு என்று. உங்கள் பிரச்சினையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தங்கையா அத்தை மகனா என்ற கேள்வியில் அது இல்லை.

சம்பள ஃபைலை ஒருவர் ஏற்றவேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தரவேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் வங்கியே அப்படி வைத்திருக்கிறது. 27-ஆம் தேதி நீங்களும் இல்லை, லீவு வாங்கிய சக ஊழியரும் இல்லை என்றால் லாகினோடு மிஞ்சுவது லீட் ஒருவர்தான். அவரால் ஃபைலை ஏற்ற முடியும், தானே ஒப்புதல் தர முடியாது. நிறுவனம் முழுக்க எல்லோருக்கும் சம்பளம் நிற்கும். அவர் மறுத்ததற்கு மனதில் என்ன காரணம் வைத்திருந்தாலும், வெளியே தெரிகிற காரணம் இது, நியாயமானதும்கூட.

நல்ல செய்தி என்னவென்றால், இது ஆறு நாள் மோதல் இல்லை. 27-ஆம் தேதி அரை மணி நேர வேலையும் அதற்கு முந்தைய சரிபார்ப்பும்தான் மோதுகின்றன. அந்த இரண்டையும் முன்னால் நகர்த்த முடிந்தால், இரண்டு கல்யாணமும் நடக்கும், சம்பளமும் போகும். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிற மூன்று விஷயங்களைக் கொஞ்சம் திருத்தவேண்டியிருக்கிறது. அவற்றை வைத்துக்கொண்டு லீடிடம் போனால் பேச்சு மறுபடி அதே இடத்தில்தான் நிற்கும்.

லீவு உரிமை வேறு, தேதி வேறு

14 நாள் மிச்சம் இருக்கிறது என்றால், அந்த 14 நாள் உங்களுடையது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த 14 நாள் என்பது பெரும்பாலான இடங்களில் நிர்வாகத்தின் சம்மதத்தோடு முடிவாவது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1970-இல் கொண்டுவந்த, ஊதியத்துடன் கூடிய விடுமுறை பற்றிய உடன்படிக்கை ஊழியர் பக்கம் நின்று எழுதப்பட்டது. ஓராண்டு வேலைக்கு மூன்று வேலை வாரங்களுக்குக் குறையாமல் விடுமுறை தரவேண்டும் என்கிறது. அதுகூட, விடுமுறை எப்போது என்பதை ஊழியரோடு கலந்துபேசி நிர்வாகமே தீர்மானிக்கலாம் என்றும், அப்போது வேலையின் தேவையையும் ஊழியரின் ஓய்வையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்றும்தான் சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆனாலும் பல நாட்டுச் சட்டங்களும் நிறுவன விதிகளும் இதே தடத்தில்தான் போகின்றன. ஆக, உங்களுக்கு உறுதியாக இருக்கிற உரிமை கலந்துபேசப்படுவது. “ஏற்கெனவே ஒருத்தர் லீவில்” என்று ஒற்றை வரியில் பேச்சை முடித்துவிட்டது சரியில்லை. அந்த இடத்தில் நீங்கள் அழுத்தமாக நிற்கலாம்.

கல்யாணத்துக்கென்றே தனி லீவு இருக்கிற நாடுகளைப் பார்த்தாலும் இது புரியும். பிரான்சில் சொந்தக் கல்யாணத்துக்கு 4 நாள், பிள்ளையின் கல்யாணத்துக்கு 1 நாள் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்பெயினில் சொந்தக் கல்யாணத்துக்கு 15 நாள். உடன்பிறந்தவர் கல்யாணம் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. உங்கள் நிறுவன விதிப்புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். இருந்தால் அதுவே உங்களுக்குப் போதும். பெரும்பாலும் இருக்காது.

சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று சொன்னது ஏன் எடுபடவில்லை என்பதும் இப்போது விளங்கும். லீடுக்கு அன்று தேவைப்படுவது ஒரு ஆள். உங்கள் ஒரு நாள் சம்பளம் மிச்சமானால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சம்பளமில்லா லீவுக்கும் அனுமதி வேண்டும்.

யார் உறவு நெருக்கம் என்று பேசாதீர்கள்

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மனிதவளத் துறைக்கு வந்த புதிதில் ஒரு சிறிய குழுவின் லீவு விண்ணப்பங்களை நான்தான் பார்ப்பேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவருக்கு அண்ணன் கல்யாணம், இன்னொருவருக்கு மாமா மகள் கல்யாணம். யோசிக்கவே இல்லை, அண்ணன் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றவரை மறுத்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறு ஏதோ பேச்சில்தான் தெரிந்தது, ஏழு வயதில் பெற்றோரை இழந்த அவரை வளர்த்தது அந்த மாமா வீடு. மேடையில் அண்ணனாக நிற்கவேண்டியவர் அவர்தான். விண்ணப்பத்தில் ‘உறவினர் திருமணம்’ என்று மட்டும் இருந்தது, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

உங்கள் சக ஊழியருக்கு அந்த அத்தை மகன் யார் என்று உங்களுக்கும் தெரியாது, லீடுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள உங்கள் இருவருக்கும் உரிமையும் இல்லை. உறவை வைத்து வரிசை போட ஆரம்பித்தால், நாளை உங்கள் சித்தி வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் கேட்கும்போது அதே அளவுகோல் உங்கள் மேல் விழும். தவிர, அவருக்குக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்வது உங்கள் குழுவுக்கே கெடுதல். அவர் டிக்கெட் எடுத்திருப்பார், வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார். ஒருமுறை கொடுத்த லீவு ரத்தாகும் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் யாரும் உண்மையான காரணத்தோடு முன்கூட்டியே கேட்கமாட்டார்கள்.

“இரண்டு மாதம் முன்பே சொன்னேனே” என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அன்று தேதி சொன்னீர்களா, எத்தனை நாள் என்று சொன்னீர்களா என்று யோசித்துப் பாருங்கள். “பார்த்துக்கலாம்” என்பதற்கு “காதில் போட்டுக்கொண்டேன்” என்றுதான் அர்த்தம். லீவு போர்டலில் முதலில் வந்தது உங்கள் சக ஊழியருடைய விண்ணப்பம். இதை ஞாபகப்படுத்தலாம், குற்றச்சாட்டாக வைக்கவேண்டாம். “முன்பு பேசியிருந்தோமே” என்று ஒரு வரி போதும்.

ஆறு நாளைப் பிரித்துப் போடுங்கள்

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ஒரு தாளில் 16-ஆம் தேதியிலிருந்து 30 வரை எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே இரண்டு கேள்விகள் எழுதுங்கள்: அன்று கல்யாண வீட்டில் நான் எதற்காக இருக்கவேண்டும், அன்று ஆபீஸில் நான் இல்லாவிட்டால் எது நிற்கும்.

நீங்கள் கேட்ட 23, 24 இரண்டு நாளும் பெரும்பாலும் ஏற்பாட்டு வேலைக்காகத்தான் இருக்கும். மண்டபத்துக்கு மீதிப் பணம் கட்டுவது, சமையல்காரரோடு எண்ணிக்கை பேசுவது, தையல் கடைக்கு அலைவது, நேரில் அழைக்கவேண்டிய வீடுகள். இவற்றுக்கு லீவு வேண்டும்தான், ஆனால் கல்யாணத்தை ஒட்டியே வேண்டும் என்பதில்லை. அதற்கு முந்தைய வாரம் 16, 17 தேதிகளில் உங்கள் பிரிவில் அவ்வளவு நெருக்கடி இருக்காது. அந்த இரண்டு நாளை எடுத்துக்கொண்டு இந்த வேலைகளை முடியுங்கள். 21, 22 சனி ஞாயிறும் கையில் இருக்கிறது. பிறகு 23, 24 முழுநாளும், 25 மதியம் வரையும் ஆபீஸுக்குப் போங்கள். 25 பிற்பகல், 26, 27, 30 லீவு. முன்னே எடுத்த இரண்டோடு சேர்த்து ஐந்தரை நாள். கேட்ட ஆறில் அரை நாள்தான் குறைகிறது. ஆனால் லீடுக்கு அது முற்றிலும் வேறு விண்ணப்பமாகத் தெரியும்.

ஆபீஸ் பக்கம் இரண்டு மாற்றங்கள் வேண்டும். முதலாவது, வருகைப்பதிவும் ஓவர்டைம் விவரமும் 20 வெள்ளி மாலைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடவேண்டும். துறைத் தலைவர்களிடம் இதைக் கேட்டு வாங்க உங்களால் முடியாது, லீட் சொன்னால்தான் நடக்கும். அப்படி வந்தால் 23-ஆம் தேதி கணக்கைத் தொடங்கி 24 மதியத்துக்குள் முடிக்கலாம். உங்கள் சக ஊழியர் 24 வரை ஆபீஸில்தான் இருக்கிறார், அன்று பிற்பகல் போன மாதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

இரண்டாவது, ஃபைலை 27 வரை வைத்திருக்காமல் 25 காலையிலேயே நீங்கள் ஏற்றி, லீட் ஒப்புதல் தருவது. நிறுவனங்களுக்கான வங்கி போர்டல்கள் பலவற்றில் பிந்தைய தேதி போட்டு இன்றே ஃபைல் ஏற்றும் வசதி உண்டு. 30 என்று தேதியிட்டால் பணம் அன்றுதான் கணக்குகளுக்குப் போகும். உங்கள் வங்கியில் இது இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நினைத்துக்கொண்டு 25-ஆம் தேதி திறந்து பார்த்து ஏமாறக்கூடாது.

இதில் எது சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு துறை ஓவர்டைம் விவரத்தை 20-க்குள் தராது, கட்டாயம் ஒன்றாவது இழுக்கும். அந்தத் துறையின் ஓவர்டைமை மட்டும் அடுத்த மாதக் கணக்கில் சேர்ப்பது, மற்றதை நிறுத்துவதில்லை என்று லீட் முன்பே அறிவித்துவிடவேண்டும். 25-க்கு அப்புறம் யாராவது வேலையை விட்டு நின்றால் அவர் ஒருவருடைய சம்பளத்தை மட்டும் நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா என்றும் பார்த்து வையுங்கள். மூன்றாவது, 30-ஆம் தேதி சில பேருக்குக் கணக்கு எண் தப்பாகிப் பணம் திரும்பி வரும். அதைப் பார்க்க ஆள் வேண்டும். உங்கள் சக ஊழியர் அன்று திரும்பிவிடுகிறார், அவர் பார்க்கலாம். உங்கள் 30-ஆம் தேதி லீவுக்கு அவருடைய உதவி தேவைப்படுகிறது என்பதால், லீடிடம் போவதற்கு முன் அவரிடம் பேசுங்கள். “24 பிற்பகல் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, 30-ஐ நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்டால் அநேகமாகச் சம்மதிப்பார். அவருக்கும் 25-ஆம் தேதி நிம்மதியாகக் கிளம்பவேண்டும்.

இவ்வளவும் தோற்றாலும் கைகொடுக்கிற ஒரு ஏற்பாடு, நான்காவதாக ஒருவருக்கு வங்கி லாகின் வாங்குவது. குழுவில் மீதமுள்ள இருவரில் அனுபவம் உள்ளவர் ஒருவருக்கு. அது கிடைத்தால் 27-ஆம் தேதிகூட அவரும் லீடும் சேர்ந்து ஃபைலை அனுப்பிவிடலாம். நிறுவனத்தின் கையொப்ப அதிகாரம் உள்ளவர்கள் படிவத்தில் கையெழுத்திட்டு, வங்கி சரிபார்த்துத் திறந்துவிட நாளாகும். அதனால்தான் இன்றே தொடங்கவேண்டும் என்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “உன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று யாராவது சொல்வார்கள், பாசமாகத்தான் சொல்வார்கள். 27 காலை மண்டபத்தில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே உங்கள் போனுக்கு ஓடிபி வரும், நீங்கள் யார் என்ன ஏற்றினார்கள் என்று பார்க்காமல் எண்ணைப் படித்துச் சொல்வீர்கள். ஒரு கோடி ரூபாய் தவறாகப் போனாலும் பதிவில் இருப்பது உங்கள் பெயர்.

லீடுக்கு எழுதவேண்டியது

நேரில் பேசுங்கள், ஆனால் பேசுவதற்கு முன் எழுதி அனுப்பிவிடுங்கள். இப்படி:

“27-ஆம் தேதி என் தங்கை கல்யாணம் பற்றி முன்பு பேசியிருந்தோம். ஆறு நாள் கேட்டதை மாற்றிக்கொள்கிறேன். 25 பிற்பகல், 26, 27, 30 மட்டும் கேட்கிறேன். ஏற்பாடுகளுக்காக 16, 17 தனியாக. வருகைப்பதிவு 20-ஆம் தேதி மாலை கிடைத்தால் 24 மதியம் கணக்கு முடிந்துவிடும், அன்றே சரிபார்க்கலாம். 25 காலை 30-ஆம் தேதியிட்டு ஃபைலை ஏற்றிவிடுகிறேன், நீங்கள் ஒப்புதல் தரலாம். 30-ஐப் பார்த்துக்கொள்வது பற்றிச் சக ஊழியரிடம் பேசிவிட்டேன். இதில் எந்த நாள், எந்த வேலை இடிக்கிறது என்று சொன்னால் அதற்கு வழி பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் வீட்டில் ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.”

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். அதற்கு வருகிற பதிலை வைத்துத்தான் அவருடைய மறுப்பு எப்படிப்பட்டது என்று தெரியும். “30-ஆம் தேதி எனக்குக் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும்” என்று குறிப்பாகச் சொன்னால், அது வேலை சம்பந்தப்பட்ட மறுப்பு. அந்த ஒரு நாளை விட்டுக்கொடுங்கள், 26-ஐயும் 27-ஐயும் விட்டுக்கொடுக்காதீர்கள். “மாதக் கடைசியில் லீவு இல்லை, அவ்வளவுதான்” என்று பொதுவாக நின்றால், அதே மாதக் கடைசியில் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார் என்பதைப் பணிவாகச் சுட்டிக்காட்டி, மனிதவளப் பிரிவுக்கோ அவருக்கு மேலே உள்ளவருக்கோ இந்தத் திட்டத்தையே அனுப்புங்கள். போர்டலில் கடந்த ஓராண்டில் உங்களுக்கு எத்தனை விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்றும் பாருங்கள். மறுபடி மறுபடி உங்களுக்கு மட்டும் என்றால், அதைத் தேதிகளோடு சொல்லலாம்.

காய்ச்சலும் ராஜினாமாவும்

வீட்டில் சொல்வது அக்கறையில் வந்த யோசனை. ஆனால் 27-ஆம் தேதி தங்கைக்குக் கல்யாணம் என்று லீடுக்குத் தெரியும், போர்டலில் மறுக்கப்பட்ட விண்ணப்பமும் இருக்கிறது. அதே நாளில் காய்ச்சல் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். உறவுக்காரர் யாராவது அன்று மாலைக்குள் போட்டோ போட்டுவிடுவார்கள். இதுவரை கலந்துபேசாமல் மறுத்தது அவருடைய தவறு. பொய் சொன்ன நிமிடத்திலிருந்து தவறு உங்களுடையதாகிவிடும், பொய்ச் சான்றிதழும் சேர்ந்தால் ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். அப்பா உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது, நாளை அவருக்காக நள்ளிரவில் லீவு கேட்டு மெசேஜ் அனுப்பினால் அது உடனே நம்பப்படவேண்டும். அந்த நம்பிக்கை உங்களுக்கு இப்போது ரொம்பத் தேவை.

அப்பா விஷயத்தை லீடிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது தெளிவாக இல்லை. சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் சொன்னால் உங்கள் கோரிக்கையின் எடை அவருக்குப் புரியும்.

ராஜினாமாவால் இந்தப் பிரச்சினை தீராது. இரண்டு மாத நோட்டீஸ் என்றால் கல்யாணத் தேதி அதற்குள்ளேயே வருகிறது. நோட்டீஸ் காலத்தில் பல நிறுவனங்கள் லீவையே நிறுத்திவிடுகின்றன, அல்லது எடுத்த நாட்களை நோட்டீஸோடு கூட்டிவிடுகின்றன. இந்த வேலையை விட வேறு காரணங்கள் இருந்தால், கல்யாணம் முடிந்து ஒரு வாரம் தூங்கி எழுந்து யோசியுங்கள்.

லீட் சம்மதித்துவிட்டால், பேச்சோடு நிற்கவேண்டாம். பழைய விண்ணப்பத்தை நீக்கிவிட்டு 16, 17-க்கு ஒன்றும், 25 பிற்பகல் முதல் 30 வரை ஒன்றும் என்று போர்டலில் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்றில் சிக்கல் வந்தாலும் மற்றது நிற்கும். நான்காவது லாகினுக்கான படிவத்தை நாளைக் காலையிலேயே அவர் மேசைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.